இரவு ஷிப்டின் அவசரக் குறிப்புகளை ஹேண்டோவர் செய்தியாக மாற்றுவது எப்படி?

சர்வர்களைக் கண்காணிக்கும் ஒரு சப்போர்ட் குழுவில் இரவு 10 மணிக்கு உட்கார்ந்தவர், வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் செய்தியை எழுதிவிட்டுக் காலை 6 மணிக்கு எழுந்து போக வேண்டும். இடையில் போன் ஒரு பக்கம், அலர்ட் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே நோட்பேடில் தட்டி வைத்த வரிகள் காலையில் இப்படிக் கிடக்கின்றன:

> db2 டிஸ்க் 91 அலர்ட் 23.40
> பழைய லாக் அழிச்சாச்சு, 74
> அலர்ட் ஆஃப்
> வெண்டர்ட்ட கேஸ் போட்டாச்சு
> பேக்அப் ஃபெயில் 1.15, திரும்ப போட்டாச்சு, ஓடுது
> ரிப்போர்ட் ஜாப் ஹோல்டு, அப்புறம் விடணும்
> app1 ரீஸ்டார்ட் கேட்டாங்க, பண்ணியாச்சு ஓகே
> அக்கவுண்ட்ஸ் கால். நாளைக்கு 9க்குள்ள ரிப்போர்ட் வேணுமாம், சரின்னாச்சு
> db2 79
> பேக்அப் முடிஞ்சுதான்னு பாக்கணும்

எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு வரியைப் பார்த்ததும் அந்த நேரத்துத் திரையும் குரலும் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். காலையில் வருகிறவருக்கு அந்த ஞாபகம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பலரும் இந்த வரிகளின் எழுத்துப் பிழையைத் திருத்தி, முன்னால் எண் போட்டு, மேலே ஒரு வணக்கம் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குறிப்பு அழகாகிறதே தவிர, செய்தி ஆவதில்லை. குறிப்பு உங்களுக்கு நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறது. வருகிறவருக்கு வேண்டியது, அவர் செய்ய வேண்டியது, அவர் செய்யும் வரிசையில். இந்தக் கட்டுரை முழுக்க மேலே உள்ள 10 வரிகளையே வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தைச் செய்து பார்க்கலாம்.

எழுதும் முன் திரையைப் பாருங்கள்

5.20 வாக்கில் புது வேலை எடுப்பதை நிறுத்துங்கள். 6 மணிக்கு ஷிப்ட் முடிகிறது என்றால் அந்த 40 நிமிடம் தேவைப்படும். முதல் 10 நிமிடத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் நிலையையும் திரையில் மறுபடி பாருங்கள்.

"db2 79" என்பது, db2 என்ற டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் 79% நிறைந்திருந்ததாக 4 மணி வாக்கில் பார்த்தது. 5.30-க்கு `df -h /data` அடித்துப் பார்த்தால் 81 காட்டுகிறது. நள்ளிரவு 12.05-க்கு 74 இருந்தது. ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் 7 ஏறியிருக்கிறது, அதாவது மணிக்குச் சுமார் 1.3. இதே வேகத்தில் போனால் அலர்ட் அடிக்கும் அளவான 90-ஐப் பகல் 12.30 வாக்கில் தொடும், இரவு 8 வாக்கில் டிஸ்க் நிரம்பிவிடும். "79" என்ற ஒற்றை எண்ணைப் படிப்பவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். "பகல் 12.30-க்கு 90" என்று படித்தவர் காலையிலேயே எழுந்து வேலை பார்ப்பார். ஒரு எண்ணைக் கொடுக்கும்போது அது ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டு நேரத்து அளவு கையில் இருந்தால் கணக்கு அரை நிமிட வேலை.

பேக்அப்பும் அப்படித்தான். "ஓடுது" என்று எழுதியது ராத்திரி 2 மணிக்கு. இப்போது பார்த்தால் 73% முடிந்திருக்கிறது. 1.50-க்குத் தொடங்கியது, வழக்கமாக 5 மணி நேரம் பிடிக்கும் என்பதால் 6.50 வாக்கில் முடிய வேண்டும். அப்போது நீங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பீர்கள்.

மாற்றி வைத்ததைத் தேடுங்கள்

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைப் போடுங்கள்: முடிந்தது, ஓடுகிறது, மாற்றி வைத்தது, வாக்குக் கொடுத்தது. முதல் இரண்டும் எளிது. ஹேண்டோவர் கெட்டுப்போவது பெரும்பாலும் பின்னிரண்டில்தான்.

மாற்றி வைத்தது என்றால், வழக்கமான நிலையிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைத்த ஒன்று. நம் குறிப்பில் இரண்டு இருக்கின்றன. அணைத்து வைத்த அலர்ட் ஒன்று, ஹோல்டில் போட்ட ரிப்போர்ட் ஜாப் இன்னொன்று. இவற்றின் ஆபத்து என்னவென்றால், திரையில் எதுவும் சிவப்பாகத் தெரியாது. அணைத்த அலர்ட் அடிக்காது, நிறுத்திய ஜாப் தோல்வியும் அடையாது. காலையில் வருகிறவர் பச்சைத் திரையைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். நான் சேர்ந்த புதிதில் இதே போல ஓர் அலர்ட்டை அணைத்துவிட்டு, குறிப்பில் "அலர்ட் ஆஃப்" என்று மட்டும் எழுதிப் போனேன். அலர்ட் தானாக அடங்கிவிட்டது என்று படித்தவர் புரிந்துகொண்டார். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்ற பிறகுதான் அது அணைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. எழுதிய இரண்டு சொல்லும் உண்மைதான், ஆனால் யார், எதற்காக, எதுவரை என்ற மூன்றும் அதில் இல்லை.

ஆகவே இந்த வகை வரிகளுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் நீங்களே பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தால் திருப்பிவிடுங்கள். டிஸ்க் 81-இல் இருக்கிறது, அலர்ட் 90-இல்தான் அடிக்கும், இனி அதை அணைத்து வைக்கக் காரணமே இல்லை. 5.40-க்கு ஆன் செய்துவிட்டால் அந்த வரி முடிந்தவற்றின் பக்கம் போய்விடுகிறது. ரிப்போர்ட் ஜாபை அப்படி விட முடியாது, ஏனென்றால் பேக்அப் இன்னும் ஓடுகிறது. அது செய்திக்குள் போகிறது, காரணத்தோடு.

வாக்குக் கொடுத்தது இன்னும் நுட்பமானது. "சரின்னாச்சு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள், ஆனால் 9 மணிக்கு அறிக்கை வராவிட்டால் கணக்குப் பிரிவின் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது காலை ஷிப்ட்காரர். நீங்கள் கொடுத்த வாக்கு அவர் தலையில் இறங்குகிறது. யாருக்கு, எதை, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம்.

வரிகளுக்கு இடையிலுள்ள முடிச்சு

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். குறிப்பில் வரிகள் தனித்தனியாக நிற்கின்றன. உண்மையில் மூன்று வரிகள் ஒரே முடிச்சில் இருக்கின்றன.

ரிப்போர்ட் ஜாப் ஓடும்போது db2-இன் அதே டிஸ்க்கில் தற்காலிகக் கோப்புகளை எழுதும். சுமார் 6% இடம் பிடித்து, முடிந்ததும் விட்டுவிடும். அதனால்தான் டிஸ்க் 91-இல் இருந்தபோது அதை நிறுத்தினீர்கள். பிறகு பேக்அப்பைத் திரும்பத் தொடங்கியதால், இரண்டும் சேர்ந்து ஓடிச் சர்வரைத் திணறடிக்கக் கூடாது என்று ஹோல்டை அப்படியே தொடர்ந்தீர்கள். இது உங்கள் மனதில் இருக்கிறது, குறிப்பில் இல்லை. கணக்குப் பிரிவுக்கு வேண்டியதோ அந்த ஜாப் தரும் அறிக்கைதான்.

இப்போது கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பேக்அப் 6.50-க்கு முடியும். ஜாப் ஓட 50 நிமிடம். 9 மணி வாக்குக்கு அது 8 மணிக்குள் கிளம்பியாக வேண்டும். 7 மணிக்கு விட்டால் டிஸ்க் 83-இலிருந்து 89 வரை போய் இறங்கும். 8 மணிக்கு விட்டால் 90-ஐத் தொட்டு அலர்ட் அடிக்கும். பேக்அப் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும். ஆகவே வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பேக்அப், அடுத்தது ஜாப், மூன்றாவது டிஸ்க். குறிப்பில் டிஸ்க் முதல் வரி, பேக்அப்பைப் பார்க்க வேண்டும் என்பது கடைசி வரி. நடந்த வரிசைக்கும் செய்யும் வரிசைக்கும் உள்ள தூரம் இதுதான்.

முடிச்சைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒவ்வொரு வரியையும் பார்த்து, "இதைத் தெரியாமல் ஒருவர் வேறு எந்த வரியில் கைவைத்தால் கெடும்?" என்று கேளுங்கள். கணக்குப் பிரிவு அவசரப்படுத்துகிறதே என்று 6.10-க்கே ஜாபை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் முடிச்சு கண்ணில் பட்டுவிடும்.

தெரிந்ததும் ஊகித்ததும்

பேக்அப் ஏன் நின்றது? குறிப்பைப் பார்த்து எழுதினால் "டிஸ்க் நிறைந்ததால் பேக்அப் ஃபெயில்" என்று கை தானாக எழுதிவிடும், கதை அவ்வளவு பொருந்துகிறது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். டிஸ்க் 12.05-க்கே 74-க்கு இறங்கிவிட்டது, பேக்அப் நின்றது 1.15-க்கு. லாக்கைத் திறந்தால் `Connection timed out` என்று இருக்கிறது. அதாவது பேக்அப் போய்ச் சேர வேண்டிய ஸ்டோரேஜோடு தொடர்பு அறுந்திருக்கிறது. நெட்வொர்க் குழு அந்த நேரத்தில் ஏதாவது வேலை பார்த்ததா என்பது உங்கள் ஊகம் மட்டுமே. ஊகத்தை எழுதலாம், உதவும். ஆனால் "என் ஊகம், சரிபார்க்கவில்லை" என்ற சொற்களோடு எழுதுங்கள். அது இல்லையென்றால் உங்கள் ஊகம் காலையில் உண்மையாகி, மதியம் மேலாளரின் அறிக்கையில் காரணமாகி நிற்கும்.

-ஆச்சு, அப்புறம், நாளைக்கு

தமிழில் வேகமாகத் தட்டும்போது வரும் சில சொற்களைச் செய்தியில் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். முதலாவது "-ஆச்சு". போட்டாச்சு, அழிச்சாச்சு, சொல்லியாச்சு: எல்லாவற்றிலும் செயல் இருக்கிறது, செய்தவர் இல்லை. "app1 ரீஸ்டார்ட் கேட்டாங்க, பண்ணியாச்சு" என்றால் யார் கேட்டார், யார் செய்தார்? பேச்சில் எதிரில் இருப்பவருக்குப் புரியும், எழுத்தில் புரியாது. "-ஆச்சு" வரும் இடத்திலெல்லாம் "நான் செய்தேன்", "அப்ளிகேஷன் குழு செய்தது" என்று ஆளைக் கொண்டுவாருங்கள்.

அதன் எதிர்ப்பக்கம் "-ணும்". "பேக்அப் பாக்கணும்", "அப்புறம் விடணும்". யார் பார்க்க வேண்டும்? எழுதியவர் தனக்கே சொல்லிக்கொண்டாரா, வருகிறவருக்குச் சொல்கிறாரா? செய்தியில் "6.50-க்கு நீங்கள் பார்க்கவும்" என்று நேராகச் சொல்லுங்கள். மூத்தவருக்குக் கட்டளை போடுவது போலிருக்குமோ என்று தயங்கிப் பலர் "பார்த்தால் நல்லது" என்று முடிக்கிறார்கள். "பார்க்கவும்" என்பதே போதுமான மரியாதை. "பார்த்தால் நல்லது" என்பதைப் படிப்பவர் பார்க்காமலும் விடலாம்.

மூன்றாவது, நேரச் சொற்கள். அக்கவுண்ட்ஸ் போன் வந்தது ராத்திரி 3 மணிக்கு. தூங்காதவருக்கு அது இன்னும் புதன்கிழமை, ஆகவே "நாளைக்கு 9" என்று தட்டினார். காலை 6 மணிக்கு அதைப் படிப்பவருக்கு நாளைக்கு என்றால் வெள்ளிக்கிழமை. இரவு ஷிப்ட் குறிப்பில் "நாளைக்கு", "நேத்து", "காலைல" மூன்றும் இருக்கவே கூடாது. கிழமையும் தேதியும் மணியும் போடுங்கள்: வியாழன் 14, காலை 9 மணி.

"கொஞ்சம்", "ஓகே" போன்றவையும் இதே குடும்பம்தான். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு ஷிப்ட் பதிவேட்டில் விட்டுச் சென்றது ஒரே வரி: யூனிட்டுக்குள் ராஃபினேட் என்ற எரியும் திரவம் கொஞ்சம் ஏற்றப்பட்டது என்ற அளவில். எவ்வளவு, எங்கே, அடுத்த படி என்ன என்பது அதில் இல்லை. பகல் ஷிப்டில் அந்த யூனிட்டின் கோபுரத்துக்குள் மேலும் திரவம் ஏற்றப்பட்டது. அது அளவுக்கு மீறி நிறைந்து, வழிந்து, தீப்பற்றியது. அந்த விபத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் விசாரணை அறிக்கை அந்த ஒற்றை வரியைத் தனியாகக் குறிப்பிட்டது.

எழுதி முடித்த செய்தி

> ஹேண்டோவர்: இரவு ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்கு. வியாழன் 14, காலை 5.50 நிலவரம்.
>
> உங்களிடம் வருவது மூன்று: பேக்அப், கணக்குப் பிரிவு அறிக்கை, db2 டிஸ்க். இந்த வரிசையிலேயே பார்க்கவும், ஒன்று மற்றதைப் பாதிக்கும்.
>
> 1. பேக்அப்: 6.50-க்குப் பார்க்கவும். 1.15-க்கு நின்றது, 1.50-க்கு நான் மறுபடி தொடங்கினேன். இப்போது 80%. 7.30-க்கும் முடியாவிட்டால் ஆன்-காலில் உள்ள டேட்டாபேஸ் பொறியாளரை அழைக்கவும். லாக்கில் `Connection timed out`. நெட்வொர்க் வேலை நடந்திருக்கலாம் என்பது என் ஊகம், சரிபார்க்கவில்லை.
>
> 2. அறிக்கை: வியாழன் 14, காலை 9 மணிக்குள் தருவதாகக் கணக்குப் பிரிவிடம் நான் சொல்லியிருக்கிறேன். ரிப்போர்ட் ஜாபை நான் ஹோல்டில் வைத்திருக்கிறேன். பேக்அப் முடிந்த பிறகே விடவும், முன்னால் வேண்டாம். ஓட 50 நிமிடம். 8 மணிக்கும் விட முடியாத நிலை என்றால் கணக்குப் பிரிவை அழைத்துத் தாமதத்தைச் சொல்லவும்.
>
> 3. db2 டிஸ்க்: 81%, மணிக்கு 1.3 ஏறுகிறது. பகல் 12.30 வாக்கில் 90 தொடும். ஜாப் ஓடும்போது தற்காலிகமாக 6 கூடும், முடிந்ததும் இறங்க வேண்டும். ஜாப் முடிந்த பிறகும் 86-க்கு மேலே நின்றால் தற்காலிகக் கோப்புகள் அழியவில்லை என்று பொருள். 7 நாளுக்கு முந்தைய லாக்குகளை நான் அழித்துவிட்டேன், அதற்குப் பிந்தையவை இருக்கின்றன. அவற்றை வெண்டர் கேட்கக்கூடும், அழிக்க வேண்டாம். வெண்டரிடம் 12.30-க்குக் கேஸ் திறந்தேன், பதில் இல்லை. 9 மணிக்கு நினைவூட்டவும்.
>
> முடிந்தவை: app1-ஐ அப்ளிகேஷன் குழு கேட்டபடி நான் ரீஸ்டார்ட் செய்தேன், சரியாக ஓடுகிறது. db2 அலர்ட்டை இரவில் அணைத்திருந்தேன், 5.40-க்கு ஆன் செய்துவிட்டேன்.
>
> 7 மணி வரை போனில் கிடைப்பேன்.

10 வரிக் குறிப்பைவிட இது நீளம். நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் இரண்டு வரியை மட்டும் படித்தவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு உருப்படியிலும் நேரமோ நிலையோ முதலில் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. "நடக்காவிட்டால் என்ன" என்பது மூன்றிலும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் 7.30-க்குப் பேக்அப் முடியாதபோது அவர் காத்திருக்கவா, அழைக்கவா என்று தவிப்பார்.

முடிந்தவை ஏன் செய்தியில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். app1 பற்றி யாராவது போன் செய்தால் அவர் "தெரியாது" என்று சொல்லாமல் இருப்பதற்காகத்தான், ஒரு வரி போதும். மூலக் குறிப்பை அடியில் ஒட்ட வேண்டாம். படிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு, "79" சரியா "81" சரியா என்று குழம்புவார். அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் குறிப்பில் பாஸ்வேர்டு ஏதும் தட்டியிருந்தால் அது செய்திக்குள் வந்துவிடாமல் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

அனுப்பிய பிறகு

அனுப்பியதோடு எழுந்துவிடாதீர்கள். அவர் வந்ததும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்குங்கள். "படிச்சீங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் "அண்ணா, ரிப்போர்ட் ஜாபை எப்போ விடப்போறீங்க?" என்று கேளுங்கள். "பேக்அப் முடிஞ்சதும், ஏழு மணி வாக்குல" என்று பதில் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "இப்பவே விட்டுடறேன்" என்றால் சேரவில்லை, அங்கேயே சொல்லித் திருத்துங்கள், செய்தியிலும் அந்த வரியைத் திருத்துங்கள்.

அவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். "எந்த லாக்கை அழிச்சே?" என்று அவர் கேட்டால், அது செய்தியில் இருந்திருக்க வேண்டிய விவரம். அடுத்த இரவு லாக்கை அழிக்கும் அந்த நொடியிலேயே "அழிச்சாச்சு" என்று தட்டாமல் "7 நாளுக்கு முந்தைய லாக் அழிச்சேன்" என்று தட்டுவீர்கள். அப்படி ஒவ்வொரு நாளும் ஒரு வரி தெளிவானால், சில வாரங்களில் காலையில் ஒதுக்கும் 40 நிமிடம் 20 ஆகிவிடும். திரையை மறுபடி பார்க்கும் முதல் 10 நிமிடத்தை மட்டும் அப்போதும் விட்டுவிடாதீர்கள்.